மடக்கை அச்சு

மடக்கை அச்சில் சம இடைவெளி சமமான கூட்டலை அல்ல, சமமான பெருக்கலைக் காட்டும். 100, 1,000, 10,000 ஆகிய கோடுகள் ஒரே தூரத்தில் நிற்கும். 100-க்கும் 1,000-க்கும் நட்டநடுவே இருப்பது 550 அல்ல, ஏறத்தாழ 316. சுழியத்துக்கு இதில் இடமில்லை.

மாறாத விகிதத்தில் பெருகுவது இதில் நேர்கோடாகும். 2020-இல் கோவிட் வரைபடங்கள் பலவும் இப்படியே வரையப்பட்டன. மொத்தத் தொற்று 10 நாளில் 100-இலிருந்து 1,000 ஆனால், இரட்டிப்புக் காலம் அறிய அந்த 10-ஐ 2-இன் மடக்கையான 0.3-ஆல் பெருக்கவேண்டும்: 3 நாளுக்கொருமுறை இரட்டிப்பு. பிறகு கோட்டின் ஏற்றம் குறைந்தால் தொற்று தணிந்துவிட்டது என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். உண்மையில் குறைந்தது பெருகும் விகிதம் மட்டுமே. இரட்டிப்புக் காலம் 6 நாளாக நீண்டாலும், அந்த 6 நாளில் 1,000 தொற்று 2,000 ஆகிறது. முந்தைய 10 நாளில் கூடியதோ 900தான்.