நாடு மாறினாலும் மாறாத பிளேஸ்டேஷன் கணக்கு

ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபெயர்பவர், பிளேஸ்டேஷன் கணக்கின் நாட்டை மாற்ற முடியாது. சிங்கப்பூர்க் கடையில் வாங்க, வேறொரு மின்னஞ்சலில் புதிய கணக்கு திறக்க வேண்டும்.

அதற்காகப் பழையதை மூடிவிடக் கூடாது. வாங்கிய விளையாட்டுகள், பிளஸ் சந்தா, மிஞ்சிய ரிங்கிட் எல்லாம் அதிலேயே இருக்கும். புதிய கணக்கிற்கு வராது. பிஎஸ்5 கருவியில் பழைய கணக்கின் ‘Console Sharing and Offline Play’ வசதியை இயக்கினால், அதே கருவியில் புதிய கணக்கிலும் பழைய விளையாட்டுகளை ஆடலாம். ஆனால் பாதியில் விட்ட ஆட்டத்தை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த எரிச்சல் வேண்டாமென்றால் பழைய கணக்கிலேயே ஆடி முடிக்கலாம்.

அந்த விளையாட்டுகளுக்கான கூடுதல் பாகங்களையும் பழைய கணக்கிலேயே வாங்குவது நல்லது. சிங்கப்பூர் வங்கி அட்டையை மலேசியக் கடை ஏற்காவிட்டால், ரிங்கிட் பரிசு அட்டை வாங்கிப் பணம் சேர்க்கலாம். சிங்கப்பூர் வெள்ளி அட்டை அங்கே செல்லாது.