நுரையீரல் தமனியில் நிரப்புக் குறை

நுரையீரல் தமனிக்குள் சிக்கிய இரத்தக் கட்டி, சி.டி. படத்தில் வெள்ளை நடுவே சாம்பல் நிறப் பள்ளமாகத் தெரிவதே நிரப்புக் குறை.

கைச் சிரைவழி அயோடின் மருந்தைச் செலுத்தி, அது நுரையீரல் தமனியை எட்டும் நொடிகளில் படம் எடுக்கிறார்கள். மருந்து கலந்த இரத்தம் பளீரென்று வெண்மையாகிறது. கட்டிக்குள் மருந்து புகாததால் அந்த இடம் மட்டும் மங்கிக் கிடக்கிறது. பெரும்பாலும் இக்கட்டி கால் அல்லது இடுப்புச் சிரையில் உருவாகி, இதயத்தின் வலப்பக்கம் கடந்து வந்ததாக இருக்கும்.

புதிய கட்டி குழாயின் நடுவே மிதப்பதுண்டு. குறுக்கே வெட்டிய படத்தில் வெள்ளை வளையத்துக்குள் சாம்பல் பொட்டு. நெடுக்கே பார்த்தால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே கருங்கோடு. சுவரைத் தொடுமிடத்தில் அது குறுங்கோணம் காட்டும். பழைய கட்டியோ சுவரோடு ஒட்டி விரிகோணம் காட்டும்; சில சமயம் குழாயின் குறுக்கே மெல்லிய இழையாக எஞ்சும். முதன்மைத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டின்மேல் கட்டி குதிரைச் சேணம்போல் படிந்திருந்தால், அது சேணக் கட்டி.

ஏமாற்றும் தோற்றங்களும் உண்டு. படம் எடுக்கையில் நோயாளி ஆழ்ந்து மூச்சிழுத்தால், வயிற்றுப் பெருஞ்சிரையிலிருந்து மருந்து கலக்காத இரத்தம் பாய்ந்து தமனியின் வெண்மையைக் குறைக்கும். மூச்சசைவும் போலிப் பள்ளங்களைக் காட்டும். உண்மைக் கட்டியின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அடுத்தடுத்த வெட்டுகளிலும் தொடரும்.

கட்டியின் அளவைவிட இதயத்தின் நிலையே ஆபத்தைச் சொல்லும். வலக்கீழறை இடக்கீழறையைவிட அகன்றிருந்தால், இதயம் திணறுவதாகக் கதிரியல் மருத்துவர் உடனே தெரிவிப்பார்.