மூன்றாம்படி இடைப்பண்பேற்றத் திரிபு

அருகருகே வரும் இரு வலுவான சைகைகள் வானொலி ஏற்பியின் பெருக்கிக்குள் கலந்து, எவரும் அனுப்பாத போலிச் சைகைகளை உண்டாக்குவது. படூரில் வைத்த ஏற்பியில் சென்னையின் சூரியன் எஃப்.எம். (93.5), ரேடியோ மிர்ச்சி (98.3) இரண்டும் மிகைவலுவோடு நுழைந்தால், ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த 88.7, 103.1 மெகாஹெர்ட்சில் போலிகள் எழும். இவை கேட்கும் பட்டைக்குள்ளேயே விழுவதால் வடிகட்டியால் நீக்குவது கடினம்.

உள்ளீடு 1 டெசிபல் ஏறினால் போலி 3 டெசிபல் ஏறும். இரண்டும் சமமாகும் கற்பனைப் புள்ளியே வெட்டுப்புள்ளி. பெருக்கி அதற்கு முன்பே தெவிட்டிவிடும். உள்ளீட்டு வெட்டுப்புள்ளி 0 dBm எனில், −30 dBm சைகைகள் இரண்டு −90 dBm உள்ளீட்டுக்குச் சமமான போலியைத் தரும். ஆன்டெனாவுக்கு அடுத்து 10 டெசிபல் மெலிப்பானைச் செருகினால் உண்மைச் சைகை 10 டெசிபல் குறையும். ஏற்பியில் பிறந்த போலியோ 30 டெசிபல் சரியும்.