சின்ன மோட்டாரின் பிடிமானம்

உளுந்தூர்பேட்டையிலிருந்து தியாகதுருகம் வழியாகச் சேலம் போகும் சாலையில் இப்போது ஹைப்ரிட் கார்களும் ஓடுகின்றன. கர்நாடகத்துப் பிடதியில் 2022 முதல் தயாராகும் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஹைப்ரிட் ரகங்கள் அவற்றில் சேர்த்தி. அவற்றில் கிளட்ச் மிதியும் கிடையாது, ஒன்று இரண்டு என்று மாற்றும் கியரும் கிடையாது. இன்ஜினையும் இரண்டு மின்மோட்டார்களையும் சேர்த்துக் கட்டுவது ஒரே ஒரு பிளானட்டரி கியர் தொகுதி. அது பிறந்த கதை கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது.

விண்கலங்கள் செய்துவந்த டி.ஆர்.டபிள்யூ நிறுவனத்தில் பாரூக் பெர்மன், ஜார்ஜ் கெல்ப், நீல் ரிச்சர்ட்சன் ஆகிய மூவரும் கார்ப் புகையைக் குறைக்க ஒரு வழி தேடினார்கள். அவர்கள் கண்டுபிடித்த அமைப்புக்கு 1971 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சோதனை மேடையில் ஓட்டியும் பார்த்தார்கள். ஆனால் அது காராகிச் சாலைக்கு வரவில்லை.

இந்த அமைப்பைப் பிற்பாடு வந்த டொயோட்டா பிரியஸ் காரின் எண்களை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். நடுவில் 30 பல் கொண்ட சன் கியர்; சின்ன மோட்டார் அதில் இணைந்திருக்கிறது. வெளியே உட்புறம் பல் வைத்த 78 பல் ரிங் கியர். பெரிய மோட்டாரும் சக்கரங்களும் அதோடு சேர்ந்தவை. இரண்டுக்கும் இடையே சுற்றும் சிறு கியர்களைத் தாங்கும் கேரியரை இன்ஜின் திருப்புகிறது.

காவடித் தண்டை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளித் தோளில் வைத்தால், கிட்டே தொங்குவது கனமாகவும் எட்டத் தொங்குவது லேசாகவும் இருந்தால்தான் தண்டு நிற்கும். ஒரு முனையைக் காலி செய்தால் கவிழ்ந்துவிடும். இன்ஜின் தரும் முறுக்குவிசையும் இப்படித்தான் பிரிகிறது: 72 சதவீதம் ரிங் கியருக்கு, 28 சதவீதம் சன் கியருக்கு. பல் எண்ணிக்கை இதை நிரந்தரமாக முடிவு செய்துவிட்டது. சின்ன மோட்டார் தன் 28 பங்கை எதிர்த்துப் பிடிக்காவிட்டால், இன்ஜின் எவ்வளவு உறுமினாலும் கார் அதன் பலத்தில் நகராது.

விசைப் பங்கு மாறாது, வேகம் மாறும். இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது, கார் ஊர்வதால் ரிங் கியர் 500 சுற்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சன் கியர் 4,100 சுற்று ஓடும். இன்ஜின் சக்தியில் முக்கால் பங்கு சின்ன மோட்டாரில் மின்சாரமாகி, பெரிய மோட்டார் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். இப்படி மாற்றி மாற்றி அனுப்புவதில் கொஞ்சம் வீணாகும். கார் வேகமெடுத்து ரிங் கியர் 2,000 சுற்றைத் தொட்டால், சன் கியர் வெறும் 200 சுற்றுக்கு இறங்கிவிடும். அப்போது ஏறக்குறைய முழுச் சக்தியும் பல்லுக்குப் பல்லாக நேரே சக்கரத்துக்குச் சேரும். கியர்பாக்ஸ் செய்யும் வேலை முழுவதையும் சின்ன மோட்டாரின் வேகமே செய்துவிடுகிறது.

அந்த மோட்டாரை நொடிக்கு நொடி அடக்கி ஆள்வதுதான் கடினம். அதற்கேற்ற வேகமான மின் சுவிட்சுகளும் கணினிச் சில்லுகளும் கைக்கடக்கமாக வருவதற்குள் காப்புரிமையின் 17 ஆண்டுக் காலமே முடிந்துவிட்டது. 1993இல் டொயோட்டா புதுக் காருக்கான திட்டத்தைத் தொடங்கியது. தலைமையேற்றவர் தகேஷி உச்சியமடா. முதல் மாதிரி வண்டி 49 நாள் நகரவே இல்லை. 1997 டிசம்பரில் பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கியர் தொகுதி 1971இலேயே தெளிவாக இருந்தது; பாக்கி இருந்தது அந்தப் பிடிமானம் மட்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறைகளும் உண்டு. இன்ஜின் நின்ற நிலையில் கார் வேகம் கூடக் கூட, சன் கியர் 2.6 மடங்கு வேகத்தில் பின்னோக்கிச் சுற்ற வேண்டியிருக்கும். சின்ன மோட்டாரின் வேகத்துக்கோ எல்லை உண்டு; அதனால் இரண்டாம் தலைமுறை பிரியஸில் மணிக்குச் சுமார் 68 கிலோமீட்டரைத் தாண்டினால், பெட்ரோல் எரியாவிட்டாலும் இன்ஜின் சுழன்றே ஆக வேண்டும்.

கல்வராயன் மலையில் வேறொன்று தெரியும். வெள்ளிமலைக்கு மெதுவாக ஏறும்போது, மேலே சொன்ன, ஊர்ந்து போகும் காரின் கணக்குத்தான்: இன்ஜின் இரையும், கார் நிதானமாக நகரும், சக்தியில் பெரும்பங்கு மின்வழியில் போகும். கியர் நழுவுகிறதோ என்று பயப்பட வேண்டாம். இறக்கத்தில் பெரிய மோட்டார் பிரேக்காகி பேட்டரியை நிரப்பும். ஆனால் ஹைரைடரின் பேட்டரி 0.76 யூனிட்தான். ஆட்களோடு ஒன்றரை டன் எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றலோ சுமார் இரண்டு யூனிட். காற்றும் டயரும் தின்றதுபோக மிஞ்சுவதுகூடப் பேட்டரிக்குள் அடங்காமல் போகலாம். நிரம்பியதும் சின்ன மோட்டார் அந்த மின்சாரத்தை வாங்கி, பெட்ரோல் இல்லாமலே இன்ஜினைச் சுழற்றிச் செலவழிக்கும். இறக்கத்தில் திடீரென்று கேட்கும் இன்ஜின் இரைச்சல் அதுதான்.