பச்சையில நிக்கிற முள்ளை மட்டும் நம்பலாமா? உங்க அபார்ட்மென்ட் தீயணைப்பான் டேக்கை இப்படிப் படிங்க!

தினமும் படியிறங்கும்போது அந்தச் சிவப்பு சிலிண்டரைக் கடந்துதான் போறீங்க. அதுல தொங்குற டேக்கை என்னைக்காவது திருப்பிப் பார்த்திருக்கீங்களா? போன மாசம் கோவில்பட்டியில ஒரு நண்பரோட அபார்ட்மென்ட்டுல நாங்க பார்த்தோம். கீழே பார்க்கிங், மேலே மூணு மாடி, மொத்தம் 12 வீடு. மாடிக்கு ஒண்ணா மூணு, பார்க்கிங்கில் ஒண்ணு, மீட்டர் போர்டு பக்கத்துல ஒண்ணுன்னு அஞ்சு சிலிண்டர். அஞ்சுலயும் புது டேக் பளபளன்னு தொங்குச்சு. ஆனா, நம்பி எடுக்கக்கூடிய நிலையில இருந்தது ரெண்டே ரெண்டுதான்.

காரணம் ரொம்ப சிம்பிள். ஒரு சிலிண்டருக்கு ஒரு தேதி இல்ல, மூணு தேதி இருக்கு. டேக்ல பெரிசா எழுதியிருக்கிறது கடைசியா ரீஃபில் செஞ்ச தேதியும், அடுத்து எப்போ செய்யணும்ங்கிறதும். ரெண்டாவது, ஹைட்ராலிக் பிரஷர் டெஸ்ட் தேதி. சிலிண்டருக்குள்ள தண்ணியை அழுத்தி, உடம்பு அந்த அழுத்தத்தைத் தாங்குதான்னு பார்க்கிற சோதனை அது. மூணாவது, சிலிண்டர் தயாரான வருஷம். இது டேக்ல இருக்காது. சிலிண்டர் உடம்புலயோ அடிப்பக்கத்துலயோ குத்தியிருப்பாங்க, இல்லேன்னா லேபிள்ல அச்சாகியிருக்கும். பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு அது மறைஞ்சிருந்தா, அங்கேயே சந்தேகப்படலாம்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 2190 என்கிற விதித்தொகுப்பு இதுக்கெல்லாம் கணக்கு வெச்சிருக்கு. பவுடர் சிலிண்டரோட ஆயுள் 10 வருஷம், CO2 சிலிண்டருக்கு 15 வருஷம். பிரஷர் டெஸ்ட் பவுடருக்கு 3 வருஷத்துக்கு ஒருமுறை, CO2-வுக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை. நண்பர் வீட்டு ரெண்டாவது மாடி சிலிண்டர்ல குத்தியிருந்த வருஷம் 2013. அதாவது 2023-லயே அதோட ஆயுள் முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் எத்தனை ரீஃபில் டேக் மாட்டினாலும், அது பழைய சட்டைக்குப் புது பட்டன்தான். அஞ்சுல ஒண்ணு அவுட்.

அடுத்து, பிரஷர் காட்டுற அந்தச் சின்ன கேஜ். முள் பச்சையில இருந்தா ஓகேன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா, அது உள்ளே இருக்கிற வாயுவோட அழுத்தத்தை மட்டும்தான் சொல்லும். பவுடரைப் பத்தி அதுக்கு எதுவும் தெரியாது. வருஷக்கணக்கா அசையாம நின்னா பவுடர் அடியில இறுகிடும். ரீஃபில் செய்யும்போது ஈரம் உள்ளே போயிருந்தா கட்டியே தட்டிடும். அப்புறம் லீவரை அழுத்தினா வெறும் காத்து மட்டும் ‘புஸ்’ஸுனு வரும். இதைக் கண்டுபிடிக்க சிலிண்டரை மாட்டியிருக்கிற இடத்துலேர்ந்து எடுத்து, மெதுவா தலைகீழா கவிழ்த்துப் பிடிங்க. நல்ல பவுடர்னா மணல் சரியிற மாதிரி உள்ளே நகர்றது கையில தெரியும். மொத்தமா ‘தொம்’முனு ஒரு கட்டி விழுந்தாலோ, எதுவுமே அசையலேன்னாலோ அதை ரீஃபிலுக்கு அனுப்பிடுங்க. மூணாவது மாடி சிலிண்டர்ல எதுவுமே அசையல. முள் என்னவோ நடுப்பச்சையில அழகா நின்னுச்சு!

‘வேலை செய்யுதா பார்ப்போம்’னு லீவரை ஒரு தடவை லேசா அழுத்திப் பார்க்கிற பழக்கம் இருந்தா, தயவுசெஞ்சு விட்டுடுங்க. வால்வு மூடும்போது இடையில பவுடர் துகள் மாட்டிக்கும். அந்தச் சந்து வழியா வாயு கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு, சில நாள்லயே முள் சிவப்புக்கு இறங்கிடும். அதனாலதான் பின்னைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் சீல் போட்டிருக்காங்க. சீல் அறுந்திருந்தா, யாரோ அழுத்திப் பார்த்திருக்காங்கன்னு எடுத்துக்கிட்டு ரீஃபிலுக்கு அனுப்புறதுதான் பாதுகாப்பு.

மீட்டர் போர்டு பக்கத்துல இருந்தது CO2 சிலிண்டர். அகலமான கறுப்பு ஹார்ன் இருக்கும், அதை வெச்சே அடையாளம் தெரியும். இதுல பெரும்பாலும் கேஜே இருக்காது. அப்போ வாயு இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்? எடை போட்டுத்தான். லேபிள்ல முழு எடை எவ்வளவு, அதுல வாயு எவ்வளவுன்னு போட்டிருக்கும். ஹோஸ், ஹார்னோட சேர்த்தா, இல்லாமலான்னும் பார்த்துக்கோங்க. வாயுவோட எடையில 10 சதவிகிதத்துக்கு மேல குறைஞ்சிருந்தா ரீஃபில் செய்யணும். நாங்க பார்த்தது 4.5 கிலோ சிலிண்டர். லேபிள்படி முழு எடை 14.3 கிலோ. தெருமுனை பலசரக்குக் கடை தராசுல வெச்சோம், 13.7 காட்டுச்சு. குறைஞ்சது 600 கிராம். அனுமதி 450 கிராம்தான். மூணாவது அவுட். டேக்ல மட்டும் அடுத்த தேதிக்கு இன்னும் ஏழு மாசம் இருந்துச்சு!

நம்ம கரிசல் பூமிக்குன்னே இன்னொரு விஷயம் இருக்கு. கோடைக்காத்துல பறக்கிற பொடி மண் ஹோஸ் வாய்க்குள்ள போய் உட்கார்ந்துக்கும். குளவி வந்து மண்கூடு கட்டினா சொல்லவே வேண்டாம். பார்க்கிங் சிலிண்டரோட நாசில்ல பாதி அடைச்சிருந்துச்சு. ஒரு ஈர்க்குச்சியை வெச்சு எடுத்துட்டோம், அது பிழைச்சுக்கிச்சு. மேற்கு வெயில் நேரா அடிக்கிற இடத்துல மாட்டியிருந்தா நிழலுக்கு மாத்துங்க. சூட்டுல முள் வழக்கத்தைவிட மேலே காட்டும், லேபிள் எழுத்தும் வெளுத்து, வருஷமே படிக்க முடியாமப் போயிடும். சிலிண்டருக்கு முன்னாடி பைக், சைக்கிள் நிறுத்தாம இருக்கணும்ங்கிறதையும் செக்லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க. எந்த மூலையிலிருந்தும் 15 மீட்டர் நடையில ஒரு சிலிண்டர் கைக்கு எட்டணும்கிறது கணக்கு.

சிவகாசி பக்கத்துலதானேன்னு தீபாவளிக்குப் பெட்டி பெட்டியா பட்டாசு வாங்கி மீட்டர் ரூம்ல அடுக்குற பழக்கம் சில அபார்ட்மென்ட்டுல இருக்கு. பட்டாசு மருந்துலயே எரியிறதுக்கான ஆக்சிஜன் இருக்கு. காத்தைத் தடுத்து அணைக்கிற CO2-வெல்லாம் அதுகிட்ட எடுபடாது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி தீயும் இப்படித்தான். அங்கெல்லாம் சிலிண்டரைத் தூக்காம, ஆட்களை வெளியேத்திட்டு 101-க்கோ 112-க்கோ போன் போடுங்க. 6 கிலோ பவுடர் சிலிண்டரே கால் நிமிஷம், இருபது செகண்டுல காலியாகிடும். அது குப்பைத்தொட்டித் தீ, ஆரம்பிச்ச நிலையில இருக்கிற வயர் தீ மாதிரி சின்னதுக்குத்தான்.

இதையெல்லாம் மாசம் ஒரு தடவை பார்க்க அஞ்சு சிலிண்டருக்கு கால் மணி நேரம் போதும். ஒவ்வொண்ணுக்கும் டேக், குத்தின வருஷம், கேஜ்னு மூணு போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. அடுத்த மாசப் போட்டோவோட ஒப்பிட்டா முள் இறங்கியிருக்கிறது உடனே தெரியும்.

ரீஃபில்காரர் வரும்போதும் ஒருத்தர் கூடவே நில்லுங்க. பழைய பவுடரை வெளியே கொட்டிக் காட்டச் சொல்லுங்க. திறக்காமலே துடைச்சு, டேக்கை மட்டும் மாத்திட்டுப் போறவங்களும் உண்டு. அஞ்சையும் ஒரே நாள்ல தூக்கிட்டுப் போக விடாதீங்க. ரெண்டு ரெண்டா அனுப்புங்க, இல்லேன்னா மாத்து சிலிண்டர் வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க. பிரஷர் டெஸ்ட் செஞ்சிருந்தா தேதியும் முடிவும் எழுதின சான்றிதழைக் கேட்டு வாங்குங்க.

நண்பர் வீட்டுல CO2-வும், கட்டி தட்டினதும் ரீஃபிலுக்குப் போயிடுச்சு. அந்த 2013 சிலிண்டரைப் பழைய இரும்புக்காரர்கிட்ட போடலாம்னு ஒருத்தர் சொன்னார். அழுத்தத்தோட இருக்கிற சிலிண்டரை அப்படியே எடைக்குப் போட்டா, வெட்டுறவருக்கு ஆபத்து. பெயின்ட் அடிச்சு வேற அபார்ட்மென்ட் சுவர்ல போய்த் தொங்கவும் வாய்ப்பிருக்கு. அதனால புது சிலிண்டர் கொடுத்த கடைக்காரரையே வாயுவைக் காலி பண்ணி, வால்வைக் கழட்டி, உடம்புல ஓட்டை போடச் சொன்னோம். அதையும் போட்டோ எடுத்து குரூப்ல போட்ட பிறகுதான் இரும்புக்கடைக்குப் போச்சு.