மசாலாவைப் போடாம விட்டா நூடுல்ஸ் 'ஹெல்தி' ஆகிடுமா? கணக்கு என்ன சொல்லுது?

இரவு 10 மணிக்கு ஆபீஸ்ல இருந்து ரூமுக்கு வந்ததும் பலருக்கும் கை போறது நூடுல்ஸ் பாக்கெட்டுக்குத்தான். 'மசாலாவைப் பாதி போட்டா போதும், கலோரி குறையும்' என்பது பலரின் நம்பிக்கை. அது உண்மையா?

இந்தியாவில் கிடைக்கும் 70 கிராம் மசாலா நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கலாம். மசாலாவோடு சேர்த்து அதில் சுமார் 300 கலோரி, 44 கிராம் மாவுச்சத்து, 10 கிராம் கொழுப்பு, 6 கிராம் புரதம் இருக்கும். பிராண்டுக்கு ஏற்ப இது கொஞ்சம் மாறும்.

மசாலா பாக்கெட்டின் எடை 6 முதல் 8 கிராம்தான். அதை முழுசா தூக்கிப் போட்டாலும் குறைவது 20 கலோரி அளவுதான். காரணம், மாவுச்சத்து மைதாவில் இருக்கு. கொழுப்பும் நூடுல்ஸ் கட்டியிலேயே இருக்கு. பெரும்பாலான பிராண்டுகளில் அதை பாமாயிலில் பொரித்துத்தான் காய வைக்கிறாங்க.

அப்போ மசாலாவைக் குறைப்பதில் பயனே இல்லையா? இருக்கு, ஆனா அது உப்பு விஷயத்தில். ஒரு பாக்கெட்டில் 800 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கலாம், அதாவது சுமார் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோடியத்தின் பெரும்பகுதி மசாலாவில்தான் என்பதால், பாதி மசாலா போட்டால் கணிசமாகக் குறையும். நூடுல்ஸ் கட்டியிலும் உப்பு உண்டு. அதனால் பூஜ்யம் ஆகாது.

இப்போ முட்டையைச் சேர்ப்போம். ஒரு முட்டையில் சுமார் 70 கலோரி, 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. அதாவது ஒரே முட்டையில் புரதம் இரண்டு மடங்காகிடும். கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் கலந்து 100 கிராம் போட்டால் 35 கலோரிதான் கூடும். புரதம் பெருசா ஏறாது; ஆனா 3 கிராம் அளவு நார்ச்சத்து கிடைக்கும், தட்டும் நிறையும்.

மொத்தக் கணக்கு இதுதான்: ஒரு பாக்கெட், பாதி மசாலா, ஒரு முட்டை, 100 கிராம் காய். சுமார் 400 கலோரி, 13 கிராம் புரதம், 49 கிராம் மாவுச்சத்து, 15 கிராம் கொழுப்பு. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் தேவை. அதில் கால்வாசி இதில் வந்துடும். வெறும் நூடுல்ஸில் எட்டில் ஒரு பங்குதான்.

கணக்கு தப்புவது இரண்டு இடத்தில். ஒன்று, காயை வதக்க ஊற்றும் எண்ணெய். ஒரு டீஸ்பூனே 40 கலோரி, அந்த 100 கிராம் காயை விட அதிகம். காயை நூடுல்ஸோடயே வேக வைத்தால் இது மிச்சம். இன்னொன்று, லேபிள். அதில் 100 கிராமுக்கான எண் ஒரு வரிசையில், ஒரு முறை சாப்பிடும் அளவுக்கான எண் இன்னொரு வரிசையில் இருக்கலாம். பெரிய பாக்கெட்டை ஒரே ஆளா முடிச்சா, அதன் மொத்த எடையை வைத்துத்தான் கணக்குப் போடணும்.