ஜேஇஇ மெயின்: 180 மதிப்பெண் 190-ஐ முந்துவது எப்படி?

ஜேஇஇ மெயின் முடிவு வந்ததும் பல வீடுகளில் இந்தக் குழப்பம் எழுகிறது: "பக்கத்து வீட்டுப் பையனுக்கு 190, நம் மகளுக்கு 180. ஆனால் பெர்சன்டைலில் இவள்தானே முன்னால் இருக்கிறாள்?"

இத்தேர்வு பல நாட்கள், காலை, மாலை என ஷிப்ட்களாக நடக்கிறது. ஷிப்டுக்கு ஒரு வினாத்தாள். எல்லாம் ஒரே கடினத்தில் அமைவதில்லை. ஆகவே தேசியத் தேர்வு முகமை, 300-க்கு எடுத்த மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிடுவதில்லை. அதே ஷிப்டில் எழுதியவர்களில், பிள்ளையின் மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்க்கிறது. அதுவே பெர்சன்டைல்.

உதாரணமாக, இரு ஷிப்டிலும் தலா 1,00,000 பேர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். காலைத் தாள் கடினம். 180-ம் அதற்குக் கீழும் எடுத்தவர்கள் 96,000 பேர். மகளுக்கு 96 பெர்சன்டைல். மாலைத் தாள் எளிது. 190-ம் அதற்குக் கீழும் 94,000 பேர். பையனுக்கு 94.

இரு ஷிப்டிலும் மாணவர்களின் தரம் ஏறக்குறைய சமம் என்ற அனுமானத்தில்தான் இக்கணக்கு நிற்கிறது. குறைவான பேர் எழுதிய ஷிப்டில் அது சற்று ஆட்டம் காணும்.

இன்னொன்று, 96 பெர்சன்டைல் என்பது 96 சதவீதம் அல்ல. மகள் எடுத்தது 60 சதவீதம்தான். மொத்தம் 10 லட்சம் பேர் எழுதியிருந்தால், ஏறத்தாழ 40,000 பேர் அவளுக்கு முன்னால் இருக்கிறார்கள். கல்லூரியும் பிரிவும் தேடும்போது பார்க்க வேண்டிய எண் அந்த 40,000-தான்.